இரண்டு விமானம் சேர்ந்து வந்தால் டூட்டியை எத்தனை மணிக்கு ஆரம்பிப்பது?

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் தரைப்பணி ஆட்களுக்கு டூட்டி போடுகிறேன். அடுத்த அட்டவணைக்கு உத்தேசமாக வந்திருக்கும் நேரப்படி தினம் 5 ஏ.டி.ஆர். விமானங்கள். காலை 7:40க்கு வந்து 8:10க்குப் புறப்படுவது ஒன்று, 8:05க்கு வந்து 8:40க்குப் புறப்படுவது ஒன்று. மதியம் 12:50 – 1:20. மாலை 3:55 – 4:25, 4:20 – 4:55. ஒரு விமானத்துக்கு 6 பேர் குழு. தினமும் 14 பேர் வருகிறார்கள்: 7 பேர் காலை 6 முதல் 3 வரை, 7 பேர் 11 முதல் இரவு 8 வரை, இடைவேளை ஒரு மணி நேரம் சேர்த்து. இரண்டு விமானம் சேர்ந்து நிற்கும்போது திண்டாடப் போகிறோம் என்று இப்போதே தெரிகிறது. ஆள் கேட்டால், "மதியம் பாதிப் பேர் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்கள்" என்கிறார் மேலாளர். என்ன செய்வது? — ஒரு வாசகர், கடலூர்

பதில்: உங்கள் மேலாளர் சொல்வதில் தப்பில்லை, நீங்கள் சொல்வதும் உண்மைதான். 11 மணியிலிருந்து 3 மணி வரை 14 பேரும் இருப்பார்கள், வேலையோ ஒரே ஒரு விமானம். காலை 8:05க்கு இரண்டு விமானம் நிற்கும், ஆள் 7 பேர்தான். மாலை 5 மணிக்கு மேல் விமானமே இல்லை, ஆனால் 7 பேர் 8 மணி வரை உட்கார வேண்டும். 6 மணியும் 11 மணியும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வைத்த நேரங்கள். விமானத்தைப் பார்த்து வைத்தவை அல்ல.

ஆனாலும் அந்த இரண்டு நேரத்தை மட்டும் நகர்த்தினால் உங்கள் பிரச்சினை தீராது. விமானத்துக்கு 6 பேர் என்று எண்ணினால் காலை 12 பேர், மாலை 12 பேர் வேண்டும். இரண்டு நெரிசலுக்கும் நடுவில் எட்டே கால் மணி நேரம் இருக்கிறது. காலை 7:25க்கு முதல் குழு இறங்க வேண்டும், மாலை 5 மணி வரை கடைசிக் குழு நிற்க வேண்டும். 9 மணி நேர ஷிஃப்டை எப்படி நகர்த்திப் போட்டாலும் 18 பேருக்குக் குறைந்து முடியாது. 14 பேரோடு முடிக்க வேண்டுமானால் முதலில் எண்ணும் முறையை மாற்ற வேண்டும், அப்புறம்தான் ஆரம்ப நேரம்.

ஒரு விமானம் வந்து நிற்கும்போது அந்த 6 பேரும் என்ன செய்கிறார்கள் என்று நிமிடக் கணக்கில் பாருங்கள். ஏ.டி.ஆர். பே என்கிற நிறுத்துமிடத்துக்குள் வருகிறது. ஒருவர் கை காட்டி நிறுத்துகிறார். இடது எஞ்சின் அணைந்து விசிறி முழுசாக நிற்கும் வரை யாரும் கிட்டே போகக்கூடாது. இந்த விமானத்தில் தனியாகத் துணை எஞ்சின் கிடையாது. அதற்குப் பதில் வலது எஞ்சினை ஓடவிட்டு, அதன் விசிறியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி மின்சாரம் எடுக்க முடியும். அப்படி ஓடிக்கொண்டிருந்தால் வலது பக்கம் யாரும் போகாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கூம்புகளை நிறுத்தி, வால் பகுதிக்குக் கீழே முட்டுக்கம்பி மாட்ட வேண்டும். இந்த முட்டுக்கம்பி ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பயணிகள் இறங்கும் கதவு பின்னால் இருக்கிறது, பெட்டிகள் ஏற்றும் பெரிய கதவு முன்னால் இருக்கிறது. முன்னால் பெட்டிகளை இறக்கிவிட்டு, பின்னால் பயணிகள் எல்லோரும் எழுந்து நின்றால் விமானம் வால் பக்கம் சாயப் பார்க்கும்.

இவ்வளவையும் செய்வது இரண்டு பேர்: ஒரு தலைவர், ஒரு துணையாள். இவர்கள் விமானம் வருவதற்கு 15 நிமிடம் முன்னால் பேயில் இருந்தாக வேண்டும். தரையில் ஆணி, கல், பிளாஸ்டிக் துண்டு கிடக்கிறதா என்று பார்ப்பதும் அந்த நேரத்தில்தான். காற்று சாதகமாக இருந்தால் விமானம் பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிடும் என்பதால் தலைவருக்காவது இந்த 15 நிமிடத்தைக் குறைக்காதீர்கள். புறப்பட்டு 5 நிமிடம் வரை இந்த இரண்டு பேரும் அங்கேதான். இடையில் இவர்களை வேறு விமானத்துக்கு அனுப்பக்கூடாது.

மற்ற நான்கு பேர் கதை வேறு. மூன்று பேர் லோடர்கள். ஒருவர் சரக்கு அறைக்குள், ஒருவர் கதவில், ஒருவர் டிராலியோடு. விமானம் நின்றதிலிருந்து, புறப்பட 5 நிமிடம் இருக்கும்போது கதவு மூடும் வரைதான் அவர்களுக்கு அங்கே வேலை. அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர்கள் பேயில் வெறுமனே நிற்கிறார்கள். நான்காவது ஆள் உள்ளே, செக்-இன்னில் விழும் பெட்டிகளைப் பிரித்து டிராலியில் அடுக்குகிறவர். அவருக்குப் புறப்பாட்டுக்கு 75 நிமிடம் முன்னால் ஆரம்பித்து, 15 நிமிடம் முன்னால் வேலை முடிந்துவிடும்.

ஆக, ஒரு விமானத்துக்கு 6 பேர் என்பது சரி. ஆனால் அந்த 6 பேரும் ஒரே நேரத்தில் வேண்டும், முழு நேரமும் வேண்டும் என்பது சரியில்லை. காலை நெரிசலை இப்படிப் பிரித்துப் பாருங்கள். முதல் விமானத்தின் தலைவரும் துணையாளும் 7:25 முதல் 8:15 வரை. அதன் லோடர்கள் 7:40 முதல் 8:05 வரை. பெட்டி அடுக்குகிறவர் 6:55 முதல் 7:55 வரை. இரண்டாவது விமானத்தின் தலைவரும் துணையாளும் 7:50 முதல் 8:45 வரை. லோடர்கள் 8:05 முதல் 8:35 வரை. பெட்டி அடுக்குகிறவர் 7:25 முதல் 8:25 வரை. முதல் விமானத்தின் லோடர்கள் விடுபடுவதும் இரண்டாவதற்கு லோடர்கள் வேண்டியிருப்பதும் அதே 8:05தான். சின்ன விமான நிலையத்தில் அடுத்த பே கண்ணுக்கு எதிரே இருக்கிறது. அதே மூன்று பேர் நடந்து போனால் போதும்.

கூட்டிப் பார்த்தால் 6:55க்கு ஒருவர், 7:25க்கு 4 பேர், 7:40க்கு 7 பேர், 7:55 முதல் 8:15 வரை 8 பேர். நடுவில் 7:50க்கு ஐந்து நிமிடம் மட்டும் 9 வரும். இரண்டாவது விமானத்தின் தலைவர் 7:50க்கே போய், துணையாள் மட்டும் 7:55க்கு வந்தால் அதுவும் 8 ஆகிவிடும். 12 என்று நீங்கள் நினைத்த இடத்தில் உண்மையான தேவை 8.

இதைக் கையால் போட்டால் ஒரு மாலை நேரம் ஆகும். எக்ஸெல் இருந்தால் ஒவ்வொரு ஆளின் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி எழுதி, B பத்தியில் ஆரம்ப நேரம், C பத்தியில் முடியும் நேரம் போடுங்கள். F பத்தியில் 5 நிமிடத்துக்கு ஒன்றாக நேரங்களை இறக்கி, பக்கத்தில் இதை எழுதி இழுத்துவிட்டால் அந்த நிமிடத்தில் எத்தனை பேர் வேண்டும் என்று வந்துவிடும்:

```
=COUNTIFS(B:B,"<="&F2,C:C,">"&F2)
```

மாலை நெரிசலும் அச்சு அசலாக இதே வடிவம்தான், எட்டே கால் மணி நேரம் தள்ளி. உச்சத்தில் 8 பேர், 4:30க்கு மேல் 6 பேர், 4:50க்கு மேல் 2 பேர். மதிய விமானத்துக்கு அதிகபட்சம் 6 பேர்.

இப்போது ஆரம்ப நேரத்துக்கு வருவோம். தேவை எந்த எந்த நேரத்தில் படிப்படியாக ஏறுகிறதோ, அந்தந்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் ஆள் உள்ளே இருக்க வேண்டும். வாசலில் பாதுகாப்புச் சோதனை, கையெழுத்து, "இன்றைக்கு யார் எங்கே" என்று சொல்வது, எல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நான் போடுவது இப்படி: 4 பேர் 6:45க்கு, 4 பேர் 7:30க்கு, 3 பேர் 8:00க்கு, 3 பேர் 8:45க்கு. ஒன்பது மணி நேரம் கணக்கிட்டால் அவர்கள் முறையே 3:45, 4:30, 5:00, 5:45க்குக் கிளம்புவார்கள்.

சரி பார்ப்போம். 7:25க்கு 4 பேர் வேண்டும், இருக்கிறார்கள். 7:40லிருந்து 8 பேர் இருக்கிறார்கள், காலை உச்சத்துக்கு அது போதும். மாலையில் 6:45 ஆட்கள் போன பிறகு 10 பேர் மிச்சம், தேவை 8. 4:30க்கு 7:30 ஆட்களும் போய்விட்டால் 6 பேர், தேவையும் சரியாக 6. ஆள் எண்ணிக்கை அதே 14தான். காலை 6 மணிக்கு யாரையும் எழுப்பி வரச் சொல்ல வேண்டியதில்லை, இரவு 8 வரை யாரும் காத்துக்கிடக்க வேண்டியதும் இல்லை.

8:00க்கு வரும் மூன்று பேர் எதற்கு என்று கேட்பீர்கள். காலை நெரிசல் அட்டவணைப்படி நடந்தால் அவர்கள் வேண்டாம்தான். அவர்களை நான் வைத்திருப்பது முதல் விமானம் பதினைந்து நிமிடம் தாமதமாகும் நாளுக்காக. அன்றைக்கு அது 7:55க்கு வரும், 8:25க்குப் புறப்படும். லோடர்கள் 8:20 வரை அதை விட முடியாது. அதற்குள் 8:05க்கு இரண்டாவது வந்து நிற்கும். பதினைந்து நிமிடத்துக்கு லோடர்கள் இரட்டிப்பாக வேண்டும். நான்கு பேர் பேயில், ஆறு லோடர்கள், ஒருவர் பெட்டி அடுக்க, மொத்தம் 11. எட்டோடு மூன்றைக் கூட்டினால் 11. இந்த மூன்று பேரை 8:45 ஆட்களோடு சேர்த்துப் போட்டுவிட்டால் கணக்கு அழகாக இருக்கும், ஆனால் முதல் தாமதத்திலேயே இரண்டு விமானமும் தாமதமாகும்.

என் முறைக்கு எல்லை இங்கேதான். லோடர்களைப் பகிர்ந்துகொள்ளும் முறை, முதல் விமானம் போகிற நேரமும் இரண்டாவது வருகிற நேரமும் ஒட்டி இருக்கும் வரைதான் நிற்கும். அதனால் இந்த டூட்டியைப் போடுவதற்கு முன்னால், இப்போது ஓடும் விமானங்களின் பதிவேட்டை எடுத்து இரண்டு மாதத்துக்கு ஒவ்வொன்றும் உண்மையில் எத்தனை மணிக்குப் பேயில் நின்றது என்று எழுதிப் பாருங்கள். சராசரி எடுக்காதீர்கள். ஒரு நாள் 10 நிமிடம் முன்னால், மறுநாள் 40 நிமிடம் பின்னால் என்றால் சராசரி 15 நிமிடத் தாமதம் என்று வரும், அப்படி ஒரு நாள் நடந்ததே இல்லை. பத்தில் எட்டு நாள் எந்த நேரத்துக்குள் வந்துவிட்டது என்று பாருங்கள். அது அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் இருந்தால் மேலே சொன்னது தாங்கும். 25, 30 என்று போனால் இரண்டு விமானமும் முழுசாகச் சேர்ந்து நிற்பதே உங்கள் வழக்கமான நாள். அப்போது 8:00 ஆட்களை 7:45க்கு இழுக்க வேண்டும், அல்லது நேரம் இறுதியாவதற்குள் ஏதாவது ஒரு விமானத்தை 15 நிமிடம் தள்ள முடியுமா என்று விமான நிறுவனத்திடம் உங்கள் மேலாளர் பேச வேண்டும். உத்தேச நேரமாக இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு. குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறு நடைமுறைக்கு வந்துவிட்டால் மார்ச் கடைசி வரை அதுதான்.

மாலையில் அதே பதினைந்து நிமிடத் தாமதம் வந்தால் என்ன ஆகும்? 4:20லிருந்து 11 பேர் வேண்டும், 10 பேர் இருப்பார்கள். 4:30க்கு நான்கு பேர் கிளம்பினால் 6 பேர்தான் மிச்சம். அன்றைக்கு 7:30 ஆட்களை 4:45 வரை நிறுத்த வேண்டியிருக்கும். இதை அந்த நிமிடத்தில் கெஞ்சிக் கேட்கிற மாதிரி வைக்காதீர்கள். "இந்த வாரம் மாலை நிற்க வேண்டியிருந்தால் இவர்கள்" என்று முன்னாடியே முறை வைத்துப் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள், ஓவர்டைம் எழுதிக் கொடுங்கள். நான்கு பேருக்குக் கால் மணி நேரம் என்றால் மொத்தம் ஒரு மணி நேர ஓவர்டைம்தான். இப்போது 5 மணிக்கு மேல் தினமும் 7 பேர் மூன்று மணி நேரம், அதாவது 21 மணி நேரச் சம்பளம் காத்திருப்பதற்கே போகிறது. மேலாளரிடம் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

கடைசி விமானம் 5:45க்கும் மேல் போகிற நாட்களும் வரும். மாதத்தில் எத்தனை நாள் என்று அதே பதிவேட்டில் பாருங்கள். இரண்டு மூன்று நாள் என்றால் ஐந்து பேருக்கு ஓவர்டைம் கொடுத்துச் சமாளிக்கலாம். வாரத்துக்கு இரண்டு என்றால் 8:45 ஆட்களை 9:30க்குத் தள்ளுங்கள். காலையில் அவர்களால் ஆவது ஒன்றுமில்லை, அதனால் நஷ்டமும் இல்லை.

மழைக்காலத்தைத் தனியாக நினைக்க வேண்டும். நமக்குக் குளிர்கால அட்டவணை ஆரம்பிப்பதும் வடகிழக்குப் பருவமழை ஆரம்பிப்பதும் ஏறக்குறைய ஒன்றாகத்தான். இடி மின்னல் பக்கத்தில் வந்தால் பேயில் இருப்பவர்களை உள்ளே கூப்பிட்டாக வேண்டும். எச்சரிக்கை விலகும்போது இரண்டு விமானமும் பெட்டியோடு காத்திருக்கும். அப்போது எந்த ஆரம்ப நேரமும் உதவாது, வரிசைதான் உதவும். யாரை முதலில் கவனிப்பது என்பதை அன்றைக்கு மழையில் நின்று விவாதிக்காமல் இப்போதே எழுதி வையுங்கள். என் கருத்து: இன்னும் நேரத்துக்குப் புறப்பட வாய்ப்பிருக்கும் விமானத்துக்கு முதலில் ஆறு லோடர்களையும் கொடுங்கள், ஏற்கெனவே தாமதமானதை அடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் பாதிப் பாதி பிரித்தால் இரண்டும் தாமதமாகும். விமான நிறுவனத்தின் ஆள் வந்து வேறு மாதிரி கேட்டால், அவர்களுக்கு அடுத்த ஊரில் இணைப்பு விமானம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இருந்தால் அவர்கள் சொல்வதைச் செய்யலாம்.

இன்னொரு யோசனை உங்களுக்கு வந்திருக்கும், அல்லது மேலாளருக்கு வரும்: காலை நான்கு மணி நேரம், மாலை நான்கு மணி நேரம் என்று டூட்டியை இரண்டாக உடைப்பது. தாளில் அதைவிடச் சிக்கனம் கிடையாது. வேண்டாம் என்பேன். கடலூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர் நடுவில் வீட்டுக்குப் போய் வர முடியாது, சம்பளம் இல்லாமல் அங்கேயே படுத்திருப்பார். ஒரு ஆளை ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு நேரம் விரித்துப் போடலாம் என்பதற்கு வரம்பும் உண்டு. உங்கள் நிறுவனத்துக்கு எது பொருந்தும் என்பதைத் தொழிலாளர் துறையில் கேட்காமல் அதில் இறங்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, மாலை நெரிசலில் களைத்துப்போன ஆள் விசிறிக்குப் பக்கத்தில் நிற்பதை நான் விரும்பமாட்டேன்.

இடைவேளையை விமானத்தை ஒட்டி வைக்காதீர்கள். 8:50க்கும் 12:05க்கும் நடுவில் விமானம் இல்லை, 1:30க்கும் 3:10க்கும் நடுவிலும் இல்லை. 6:45, 7:30 ஆட்கள் 11 முதல் 12 வரை சாப்பிடட்டும். மதிய விமானத்தை மற்ற ஆறு பேர் பார்த்துக்கொண்டு 1:30க்குச் சாப்பிடப் போகட்டும். காலை 9 மணிக்கு எல்லோருக்கும் ஒரு டீ. டிராலி சக்கரம், பிரேக், கட்டைகள், தீயணைப்பு உருளை இவற்றைச் சரிபார்ப்பதும் பயிற்சி வகுப்பும் அந்த மூன்று மணி நேரத்துக்குள் வரட்டும். மேலாளர் பார்க்கும் "சும்மா இருக்கிற" நேரம் அதுதான். அதை முழுக்க ஒழிக்க முடியாது, இடம் குறித்து வைத்துவிட்டால் வேலைக்கு ஆகும்.

யார் எந்த நேரத்துக்கு வருவது என்பதை ஆட்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். 6:45க்குக் கருவடிக்குப்பம், முத்தியால்பேட்டை, கோரிமேடு பக்கம் இருப்பவர்களால் சுலபமாக வர முடியும். கடலூர் ஆட்களுக்கு 8:00, 8:45 பொருந்தும். ஆனால் மாலை தாமதம் எல்லாம் 8:45 ஆட்கள் தலையில்தான் விழும், கடைசி பஸ் கவலையும் அவர்களுக்குத்தான். அதனால் வாரத்துக்கு ஒரு முறை மாற்றுவதா, விருப்பப்பட்டவரை நிரந்தரமாக விடுவதா என்பதை அவர்களே சொல்லட்டும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் தலைவர் வேலை தெரிந்தவர் எத்தனை பேர் என்பதை மட்டும் நீங்கள் கறாராகப் பாருங்கள். 6:45ல் ஒருவர், 7:30ல் ஒருவர், மாலைக்காக 8:00லும் 8:45லும் ஒருவர் வேண்டும். மொத்தம் நான்கு. வார விடுமுறை, லீவு எல்லாம் சேர்த்தால் ஆறு பேருக்காவது அந்த வேலை தெரிந்திருக்க வேண்டும். இப்போது நான்கே பேர்தான் இருக்கிறார்கள் என்றால், அட்டவணை மாறுவதற்கு முன்னால் பயிற்சிக்கு அனுப்ப வேண்டிய இரண்டு பேரை இந்த வாரமே தேர்ந்தெடுங்கள்.